கோப்பை சாட்டில் அனுப்பினால் கெடு ஓடாது: ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தப் பக்கத்தைப் படிக்கும் முறை

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் வடிவமைப்பாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும் ஒப்பந்த ஆலோசனை சொல்வது என் தொழில். வேலையைச் சரியாக முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கோட்டைவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம், ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தப் பக்கத்தில் எந்தப் பட்டன் எந்தக் கெடுவைத் தொடங்குகிறது என்பது தெரியாததுதான். பலரும் பயன்படுத்தும் அப்வொர்க் தளத்தின் நிலைத்தொகை ஒப்பந்தத்தை வைத்து விளக்குகிறேன்.

நிலைத்தொகை ஒப்பந்தத்தில் வேலையைப் பல மைல்ஸ்டோன்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்குமான பணத்தை வாடிக்கையாளர் முன்கூட்டியே எஸ்க்ரோ கணக்கில் போட வேண்டும். அது தளத்தின் பொறுப்பில் இருக்கும் பணம். அவரும் நினைத்தவுடன் எடுக்க முடியாது, நீங்களும் எடுக்க முடியாது. மூன்று மைல்ஸ்டோன்கள் பக்கத்தில் வரிசையாகத் தெரிவதால் மூன்றுக்கும் பணம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எந்த மைல்ஸ்டோனின் அருகே Funded என்று இருக்கிறதோ அதற்கு மட்டுமே பணம் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு வடிவமைப்பாளரின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 600 டாலர் வேலை: இலச்சினைக்கு 150, சிற்றேட்டுக்கு 250, இணையதளப் படங்களுக்கு 200. முதல் தொகை சிக்கலின்றி வந்துவிட்டது. சிற்றேட்டை முடித்ததும் கோப்புகளை உரையாடல் பெட்டியில் அனுப்பினார். "அருமை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. அந்த நம்பிக்கையில் மூன்றாவது வேலையையும் செய்யத் தொடங்கிவிட்டார். பிறகு மூன்று வாரங்கள் எந்தச் சத்தமும் இல்லை.

உரையாடலில் கோப்பு அனுப்புவதைத் தளம் வேலை ஒப்படைப்பாகக் கருதுவதில்லை. மைல்ஸ்டோனுக்கு உரிய Submit Work for Payment பட்டனை அழுத்தினால்தான் வாடிக்கையாளருக்கு 14 நாள் கெடு தொடங்கும். அதற்குள் அவர் ஒப்புதல் தரலாம், அல்லது திருத்தம் கேட்கலாம். இரண்டும் செய்யாமல் இருந்தால் பணம் தானாகவே விடுவிக்கப்படும். அதன் பின் 5 நாள் பாதுகாப்புக் காலம் கழிந்துதான் அதை எடுக்க முடியும். அந்த வடிவமைப்பாளர் இந்தப் பட்டனைத் தொடவே இல்லை. வாடிக்கையாளரின் மௌனம் அவருக்குச் சாதகமாக வேலை செய்திருக்க வேண்டிய மூன்று வாரங்களும் வீணாயின.

திருத்தம் கேட்டுவிட்டால் கெடு நின்றுவிடும். நீங்கள் மறுபடி ஒப்படைக்கும்போது 14 நாள் புதிதாகத் தொடங்கும். ஆகவே திருத்தம் முடிந்த கோப்பையும் அதே பட்டன் வழியாகத்தான் தர வேண்டும். மைல்ஸ்டோன் விவரத்தில் இல்லாத புது வேலையைத் திருத்தம் என்ற பெயரில் கேட்டால், அதற்குத் தனி மைல்ஸ்டோன் போடச் சொல்லுங்கள். விவரம் மொட்டையாக "சிற்றேடு" என்று மட்டும் இருந்தால் அப்படிச் சொல்ல வழியில்லை. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எந்தக் கோப்பு வடிவம் என்பவை தொடக்கத்திலேயே அங்கே இருக்க வேண்டும்.

நான்காவது வாரம் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, எஸ்க்ரோவில் இருந்த 250 டாலரைத் திருப்பிக் கேட்டார். இதுதான் மிக ஆபத்தான இடம். இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல உங்களுக்கு 7 நாள்தான். பேசாமல் இருந்தால் பணம் வாடிக்கையாளருக்குத் திரும்பிவிடும். வாடிக்கையாளரின் மௌனத்தால் உங்களுக்குப் பணம் வருவதைப் போல, உங்கள் மௌனத்தால் அவருக்குப் போகிறது. ஒப்புதல் தரும் பட்டனை அழுத்தினாலும் அதே கதிதான். அப்ரூவ் என்றால் தனக்குப் பணம் வரும் என்று எண்ணி அழுத்தியவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பட்டனுக்கு மேலிருக்கும் வரியில் படித்த பிறகே கையை வையுங்கள். அந்த நேரத்தில் உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பை நிறுத்திவிடுவது நல்லது. பட்டனின் மூலப் பெயர் தெரிந்தால்தான் தளத்தின் உதவிப் பக்கத்தில் அதைத் தேடிப் படிக்க முடியும்.

கோரிக்கை வந்த ஐந்தாம் நாள் வடிவமைப்பாளர் என்னிடம் வந்தார். Dispute என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வழக்குப் போடுவது போல இருக்கிறதே, கணக்கு முடங்கிவிடுமோ என்று தயங்கினார். இது நீதிமன்ற வழக்கு அல்ல. தளத்தின் ஊழியர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுச் சமரசத்துக்கு முயல்வார், அவ்வளவுதான். கோப்புகள் அனுப்பிய தேதி, "அருமை" என்ற பதில், மைல்ஸ்டோன் விவரம் மூன்றையும் இணைத்தோம். உரையாடல் முழுவதும் தளத்துக்குள்ளேயே நடந்திருந்தது பெரிய உதவி. வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் இந்த அளவுக்கு வலுவான ஆதாரம் கையில் இருந்திருக்காது. இறுதியில் 200 டாலருக்கு இருவரும் உடன்பட்டார்கள். உடன்பாடு ஏற்படாமல் நடுவர் தீர்ப்புக்குப் போனால் தனிக் கட்டணம் உண்டு. 250 டாலருக்காக அந்தச் செலவு பொருந்தாது என்பதால் 50 டாலரை விட்டுக்கொடுக்கச் சொன்னவன் நானே.

மூன்றாவது மைல்ஸ்டோனுக்காகச் செய்த வேலைக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. அதற்கு எஸ்க்ரோவில் பணமே போடப்படவில்லை. இல்லாத பணத்தின் மீது சமரசம் கேட்கவும் வழி இல்லை.