பொது இழப்பு: கப்பல் காப்பீட்டில் ‘ஆவரேஜ்’ சராசரி அல்ல

கடல் வழியாகச் சரக்கு வரவழைக்கும் வணிகருக்கு என்றாவது ஒருநாள் இப்படி ஒரு கடிதம் வரலாம்: “கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்திருக்கிறார். பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு விடுவிக்கப்படும்.” சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பொதுச் சராசரி’ என்று வரும். ஆனால் அந்தக் கடிதம் பேசுவது எந்தச் சராசரியையும் பற்றி அல்ல. எல்லோரையும் காப்பாற்றுவதற்காக ஒருவர் இழந்த பொருளில் உங்கள் பங்கைக் கேட்கும் கடிதம் அது.

இந்தச் சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது என்பதே பெரும்பாலான சொல்லாய்வாளர்களின் கருத்து. ‘அவார்’ என்றால் பழுது, சேதம். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் அது இத்தாலிய மொழியின் ‘அவாரியா’ ஆயிற்று, பிறகு பிரெஞ்சில் ‘அவாரி’ ஆயிற்று. ஆங்கிலேயர் அதையே ‘ஆவரேஜ்’ என்று திரித்துக்கொண்டார்கள். கடலில் நேர்ந்த சேதம் என்பதே முதற்பொருள். அந்தச் சேதத்தைப் பலருக்கும் விகிதப்படி பங்கிடும் வழக்கத்திலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டில் ‘சராசரி’ என்ற கணக்குப் பொருள் கிளைத்தது. எனவே கப்பல் காப்பீட்டில் ஆவரேஜைச் சராசரி என்று பெயர்ப்பது கிளையைப் பிடித்துக்கொண்டு வேரை விட்டுவிடுவதாகும்.

‘பொது இழப்பு’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் முடிவு. காரணம், இதற்கு இணையாக ‘பர்டிகுலர் ஆவரேஜ்’ என்று இன்னொன்று இருக்கிறது. அதைத் ‘தனி இழப்பு’ எனலாம். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தானாகவே விளங்கிவிடும். தனி இழப்பு யாருக்கு நேர்ந்ததோ அவரோடு நிற்கும். பொது இழப்பு அந்தப் பயணத்தில் பொருள் வைத்திருந்த அத்தனை பேர் மீதும் பரவும்.

எது எதில் சேரும்? சரக்கறை ஒன்றில் தீப்பிடிக்கிறது என்று வையுங்கள். தீயில் எரிந்த பஞ்சுப் பொதிகள் தனி இழப்பு. அது விபத்து, யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. தீயை அணைக்கக் கடல்நீரைப் பாய்ச்சியதால் பக்கத்தில் நனைந்து கெட்டுப்போன காகிதச் சுருள்கள் பொது இழப்பு. கப்பலையும் மற்ற சரக்கையும் காக்க, தெரிந்தே அவற்றைக் கெடுத்தார்கள். ஒரே தீ, ஒரே அறை, இருவேறு கணக்கு.

இன்று உலகெங்கும் சரக்குக் கப்பல் ஒப்பந்தங்களில் சேர்க்கப்படும் யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகள் இதைத்தான் வரையறுக்கின்றன. இவற்றின் அண்மைப் பதிப்பு 2016இல் வந்தது. ஆபத்து உண்மையானதாக இருக்க வேண்டும். செய்த தியாகமோ செலவோ வழக்கத்துக்கு மீறியதாகவும், வேண்டுமென்றே செய்ததாகவும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். ஒருவருடைய பொருளை மட்டும் காக்கச் செய்ததாக இல்லாமல், எல்லோருடைய பொதுப் பாதுகாப்புக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிவது மட்டுமல்ல, தரைதட்டிய கப்பலை மிதக்கவைக்க இழுவைப் படகுகளுக்குக் கொடுக்கும் கூலியும் இதில் அடங்கும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலின் உரிமையாளர் பொது இழப்பு அறிவித்தது இப்படித்தான்.

இந்த நெறி காப்பீட்டைவிட மிகப் பழையது. ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், 533இல் வெளியான ரோமானியச் சட்டத் தொகுப்பில், ரோட்ஸ் தீவின் கடற்சட்டம் என்ற பெயரில் இது இடம்பெற்றிருக்கிறது. கப்பலின் பாரத்தைக் குறைக்கப் பொருளை எறிந்தால், எல்லோருக்காகவும் கொடுத்ததை எல்லோரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும் என்கிறது அது. ஆகவே நீங்கள் காப்பீடு எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் உங்கள் பங்கைக் கொடுக்கும் கடமை உங்களைச் சேரும். அந்தப் பங்கை உங்களுக்காகச் செலுத்துவதே காப்பீட்டின் வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கப்பலின் மதிப்பு 60 லட்சம் டாலர். அதில் மூவரின் சரக்கு: முதலாமவருடையது 20 லட்சம், இரண்டாமவருடையது 10 லட்சம், மூன்றாமவருடையது 10 லட்சம். புயலில் கப்பல் தரைதட்டுகிறது. பாரத்தைக் குறைக்க மூன்றாமவரின் சரக்கு முழுவதையும் கடலில் எறிகிறார்கள். மற்றவை பழுதின்றிக் கரை சேர்கின்றன. ஆபத்தில் இருந்த மொத்த மதிப்பு 100 லட்சம், தியாகம் செய்தது 10 லட்சம். ஆக ஒவ்வொருவருக்கும் 10 விழுக்காடு. கப்பல் உரிமையாளர் 6 லட்சம் தருகிறார், முதலாமவர் 2 லட்சம், இரண்டாமவர் 1 லட்சம். மூன்றாமவருக்குக் கிடைப்பது 9 லட்சம்தான்.

பொருளை முழுவதும் இழந்தவர் ஏன் 1 லட்சத்தைத் தாங்க வேண்டும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அவருக்கு முழு 10 லட்சமும் கொடுத்துவிட்டால், சரக்கு தப்பியவர்களைவிட அவர் நல்ல நிலையில் இருப்பார். மற்றவர்கள் 10 விழுக்காடு இழக்க, அவர் மட்டும் ஒன்றும் இழக்காமல் நிற்பார். எந்தப் பெட்டியை எறிவது என்பது அந்த நேரத்து வசதியைப் பொறுத்தது. அது யாருடைய பெட்டியாக இருந்தாலும் எல்லோரும் ஒரே விழுக்காடு இழக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் நோக்கம்.

நடைமுறையில் இது இவ்வளவு விரைவாக முடிவதில்லை. உரிமையாளர் பொது இழப்பை அறிவித்து, ஒரு பங்கீட்டுக் கணிப்பாளரை நியமிப்பார். ஆயிரக்கணக்கான பெட்டிகளின் விலைப் பட்டியல்களைத் திரட்டி இறுதிக் கணக்கு முடியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமை கப்பல்காரருக்கு உண்டு என்பதால், அவர் முன்கூட்டியே ஈடு கேட்பார். காப்பீடு உள்ளவர் பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும், உத்தரவாதக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும். காப்பீடு இல்லாதவர் பணமாகவே கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் ‘மெர்ஸ்க் ஹோனம்’ கப்பலில் மூண்ட தீ, மாலுமிகளின் உயிரைப் பறித்த கொடிய தீ. அதற்குப் பின் சரக்கு உரிமையாளர்களிடம் சரக்கு மதிப்பில் 42.5 விழுக்காடு மீட்புப் பணிக்கும், 11.5 விழுக்காடு பொது இழப்புக்கும் ஈடாகக் கேட்கப்பட்டது. சேர்த்தால் 54 விழுக்காடு. ஒரு லட்சம் டாலர் சரக்கைக் காப்பீடின்றி அனுப்பியவர், தம் பெட்டியில் ஒரு கீறல்கூட விழாதிருந்தாலும், அதை எடுக்க 54,000 டாலர் புரட்ட வேண்டியிருந்தது.

சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் புழங்கும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்ற மூன்று விதித் தொகுப்புகளில் மிகக் குறுகியது ‘சி’. அதிலும் பொது இழப்புப் பங்கு அடங்கியிருக்கிறது. கட்டணம் மிச்சமாகட்டும் என்று ‘சி’யைத் தேர்ந்தவருக்கும் இந்தக் காப்பு உண்டு. ஆனால் மதிப்பைக் குறைத்துக் காட்டியவருக்கு முழுமையாக இல்லை. நம் கணக்கின் முதலாமவர் 20 லட்சம் பெறுமான சரக்கை 15 லட்சத்துக்கே காப்பீடு செய்திருந்தால், அவருடைய பங்கான 2 லட்சத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றரை லட்சம்தான் தரும். மீதி 50,000 டாலர் அவர் கையிலிருந்து போகும்.

இன்னொரு கேள்வியும் எழும். கப்பல் ஆபத்தில் மாட்டியதற்குக் கப்பல்காரரே காரணம் என்றால்? கடலுக்கு ஏற்றதாகக் கப்பலைத் தயார் செய்வதில் அவர் உரிய கவனம் எடுக்கவில்லை என்று நிரூபிக்க முடிந்தால், ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் சரக்கு உரிமையாளர் பங்கு தர மறுக்கலாம். ஆனால் பல ஒப்பந்தங்களில் மாலுமியின் செலுத்துப் பிழைக்குக் கப்பல்காரர் பொறுப்பாக மாட்டார். அத்தகைய பிழையால் கப்பல் தரைதட்டியிருந்தால் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் காப்பீட்டாளர்கள் உத்தரவாதக் கடிதத்தைக் கொடுத்து முதலில் சரக்கை விடுவித்துக்கொண்டு, இயந்திரப் பராமரிப்புக் குறிப்புகளையும் ஆய்வறிக்கைகளையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.