வாசல் எலுமிச்சையும் கன்னத்து மையும்

வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவதற்கு அறிவியல் காரணம் சொல்லும் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பழத்தின் சாறு நூலில் ஏறி, அதிலுள்ள வைட்டமின் சி காற்றில் கலந்து, நம் மூச்சோடு உடலுக்குள் போகிறது என்கிறது அது.

அப்படி நடக்காது. வைட்டமின் சி ஆவியாகும் பொருள் அல்ல. சாறு காய்ந்தால் நூலிலேயே தங்கிவிடும். மிளகாயின் காரமும் அப்படித்தான். நம் மூக்குக்கு வருவது பழத்தோலில் இருக்கும் லிமோனீன் போன்ற எண்ணெய்களின் வாசனை மட்டுமே. கட்டுகிறவர்களும் வைட்டமினுக்காகக் கட்டுவதில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் ஏன் போகவில்லை? விருந்தாளிகள் வந்துபோன அன்று மாலை குழந்தை வீறிட்டு அழுகிறது. பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறார். சற்று நேரத்தில் அழுகை ஓய்கிறது. பச்சிளம் குழந்தைகளின் அழுகை பிறந்து ஆறு வார அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தணியும். மாலையில்தான் அதிகம் அழுவார்கள். அழுகை உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அடுத்து வருவது ஓய்வுதான். பாட்டி கண்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு.

வாசல் எலுமிச்சை யார் உடலுக்குள்ளும் போவதில்லை. அது வழக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு அப்படியல்ல. கன்னத்தைத் தடவிய விரல் அடுத்த நொடி வாய்க்குப் போகும். அதனால் பொட்டு எதனால் ஆனது என்று கேட்டே ஆகவேண்டும்.

விளக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து வீட்டில் செய்யும் மை வெறும் கரி. சுர்மா என்று விற்கும் கருந்தூள் பல நேரம் ஈய சல்பைடு. 2013இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்குக் காரணம் தேடியபோது, ஆப்கானிஸ்தானிலிருந்து கொண்டுவந்த கண்மையில் பாதிக்கு மேல் ஈயம் இருந்தது தெரிந்தது.

விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் உடல் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். குழந்தையின் உடல் பாதி வரைகூட உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையை அது பாதிக்கும். வெளியே அடையாளம் எதுவும் தெரியாமலே இருக்கலாம், இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் காட்டும். மையைக் கண்ணால் பார்த்தும் பிரித்தறிய முடியாது. பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். எந்த மையாக இருந்தாலும் கண்ணுக்குள் தீட்டாதீர்கள்.

பொட்டை உள்ளங்காலில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தை அந்தக் காலையே இழுத்து வாயில் வைத்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் வைத்தால் கை அவ்வளவு எளிதில் போகாது.