ஏழு பேரை வைத்து விளையாட்டு விழா: ஆபத்து மதிப்பீடும் சரிபார்ப்புப் பட்டியலும் எழுதும் முறை

பள்ளிப் பாதுகாப்பு குறித்து மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பள்ளி நேரத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன. பாதுகாப்பற்ற இடமும், அடிபட்ட பிள்ளைக்கு மருத்துவ உதவி தாமதமாவதும் அலட்சியமாகவே கருதப்படும். விளையாட்டு விழா நாளும் இதில் அடங்கும். ஆள் குறைவு என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம், ஆனால் பொறுப்பைக் குறைக்காது. அதனால் விழாவுக்கு முன்பே இரண்டு தாள்கள் எழுதி வைக்க வேண்டும். எது நடக்கக்கூடும், அதைத் தடுக்க என்ன மாற்றுகிறோம் என்று சொல்வது ஆபத்து மதிப்பீடு. மாற்றியதை அன்று காலை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று காட்டுவது சரிபார்ப்புப் பட்டியல். மதிப்பீட்டை எழுதாமல் பட்டியலை மட்டும் வேறு பள்ளியிலிருந்து நகலெடுத்தால், நம் மைதானத்தில் இல்லாத ஆபத்துக்கெல்லாம் டிக் அடித்திருப்போம், இருப்பது விட்டுப்போயிருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டாரத்தில் விளை நிலத்தைச் சமன்படுத்தி மைதானமாக்கிய ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 190 பிள்ளைகள். தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர்கள் 5 பேர், பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் என மொத்தம் 7 பேர். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் கல்கட்டு, அதற்குக் கீழே ஓர் ஆள் உயரப் பள்ளம். தெற்கே தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் குளம்.

முதலில் எழுத வேண்டியது ஆள் கணக்கு. நிகழ்ச்சி நடக்கும்போது இடத்தை விட்டு நகரவே கூடாதவர்கள் யார்? ஓட்டத்துக்குத் தொடக்கத்தில் ஒருவர், முடிவில் ஒருவர். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்க இருவர், அதில் ஒருவர் குளத்துப் பக்கம். முதலுதவி மேசையில் ஒருவர். வாசல், ஆம்புலன்ஸ், விருந்தினர் என எல்லாவற்றுக்கும் தலைமை ஆசிரியர். ஆறு பேர் போய்விட்டார்கள், மீதி ஒருவர். குண்டு எறிதலுக்கோ இரண்டு பேர் வேண்டும், வட்டத்தருகே ஒருவர், குண்டு விழும் பகுதியில் ஒருவர். ஆக, ஓட்டமும் குண்டு எறிதலும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. பல பள்ளிகள் கணக்குப் போடாமல் இரண்டையும் நிரலில் சேர்த்துவிட்டு, முதலுதவி மேசையில் இருப்பவரை ‘கொஞ்சம் அளந்துட்டு வாங்க சார்’ என்று கூப்பிடும். விபத்துக்கான இடைவெளி அங்கேதான் பிறக்கிறது.

குண்டு எறிதலுக்கே மதிப்பீடு எழுதிப் பார்ப்போம். நடக்கக்கூடியது: குறுக்கே ஓடும் பிள்ளைமேல் குண்டு விழுதல். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 3 வரை ஒரு மதிப்பெண், நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 3 வரை ஒன்று, இரண்டையும் பெருக்க வேண்டும். பக்கத்தில் ஓட்டப்பந்தயம், நூறு பிள்ளைகள் வேடிக்கை, ஒரே ஓர் ஆசிரியர் என்றால் வாய்ப்பு 2, பாதிப்பு 3, மொத்தம் 6. தடுக்கும் வழி என்ற இடத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது ‘மாணவர்களுக்கு அறிவுரை வழங்கப்படும்’. இதனால் 6 என்பது 6 ஆகவே இருக்கும். கண்காணிப்பு, அறிவுரை இரண்டுக்கும் ஆள் வேண்டும், நம்மிடம் இல்லாததே ஆள்தான். ஆள் இல்லாமலே வேலை செய்யும் தடுப்பையே முதலில் தேட வேண்டும்: நேரத்தை மாற்றுதல், இடத்தை மாற்றுதல், கயிறு கட்டுதல்.

இந்தப் பள்ளிக்கு நல்ல வழி, குண்டு எறிதலை விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கடைசிப் பாடவேளையில் நடத்தி முடிப்பது. போட்டியிடும் 14 பேர் மட்டும் மைதானத்தில், மற்றவர்கள் வகுப்பில். உடற்கல்வி ஆசிரியரும் இன்னொருவரும் போதும். வாய்ப்பு 1 ஆகிறது, மொத்தம் 3. பாதிப்பு 3 ஆகவே இருப்பதைக் கவனியுங்கள். கயிறு கட்டியதால் குண்டின் எடை குறையாது. தடுப்பு எழுதியதும் இரண்டு எண்களையும் குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கீழ் வகுப்புகளுக்குக் குண்டுக்குப் பதில் பந்து எறிதல் வைத்தால்தான் பாதிப்பு எண் குறையும்.

இடம் குறிக்கும்போது எறியும் திசை கல்கட்டைப் பார்த்தோ சரிவைப் பார்த்தோ இருக்கக் கூடாது. நம் செம்மண் தரை வெயிலில் இறுகிவிட்டால் குண்டு விழுந்த இடத்தில் நிற்காது, உருண்டு போகும். அதனால் கயிற்றை, எதிர்பார்க்கும் தூரத்துக்கு அப்பாலும் பல அடி தள்ளிக் கட்ட வேண்டும். காத்திருப்பவர்கள் வட்டத்துக்கு 5 மீட்டர் பின்னால் கோட்டுக்கு வெளியே. விசில் அடித்த பிறகே எறிய வேண்டும். எறிந்தவர் வட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகே அளப்பவர் உள்ளே போக வேண்டும். குண்டைக் கையில் எடுத்து நடந்துதான் கொண்டுவர வேண்டும், திருப்பி உருட்டிவிடும்போதுதான் கணுக்காலில் அடிபடுகிறது.

அடுத்த பெரிய ஆபத்து மேலிருந்து வருவது. வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் ஏப்ரல், மே கோடையிலும் காலை நல்ல வெயில் அடித்து, மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து இடி இறங்குவது இந்த மாவட்டத்துக்குப் பழக்கம். ஓட்டங்களை மதியத்துக்குள் முடித்து, பரிசளிப்பை அறைக்குள் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிக்கு ஒரு விதி எழுதுங்கள்: மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் நிகழ்ச்சி நிற்கும், எல்லோரும் வகுப்பறைக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி மைதானம். இரும்புக்கால் பந்தலும் தென்னை மரத்தடியும் ஒதுங்கும் இடமல்ல. நிறுத்தச் சொல்பவர் யார் என்று ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும். சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் அவர் விசில் அடிக்கலாம் என்பதையும் அதே வரியில் எழுதி, விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் செயல், பெயர், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். ‘நீளம் தாண்டும் குழி சரியாக உள்ளதா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள். ‘குழியின் மணலை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்வெட்டியால் கிளறி, கல்லும் சில்லும் பொறுக்கியாயிற்று, மண்வெட்டி குழியிலிருந்து அகற்றப்பட்டது’ என்று எழுதினால் கிளறாமல் கையெழுத்துப் போட மனம் வராது. இப்படி 12 வரி போதும். நாற்பது வரி இருந்தால் காலை 8 மணிக்கு யாரும் படிக்க மாட்டார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அவர்களில் நான்கு பேரைக் கேட்டு, தண்ணீர், வாசல், நிழல், குளத்துப் பாதை என நகராமல் நிற்கும் வேலைகளைக் கொடுக்கலாம். குளத்துப் பாதையில் ஒருவர் நிற்பது மிக அவசியம். ஓடி முடித்த பிள்ளைகள் கால் கழுவ அங்கேதான் போவார்கள். மைதானத்திலேயே இரண்டு வாளித் தண்ணீரும் குவளையும் வைத்தால் போகும் தேவையே குறையும்.

108-க்கு அழைப்பவர் பெயர், வாசலில் நின்று வண்டியை உள்ளே கூட்டிவருபவர் பெயர், பிள்ளையுடன் மருத்துவமனைக்குப் போகும் ஆசிரியர் பெயர் என மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் வழியை, பேருந்து நிறுத்தம், கோயில் அல்லது சர்ச் அடையாளத்தோடு இரண்டு வரியில் எழுதி முதலுதவிப் பெட்டி மூடியில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த ஊரின் வழியே வாயில் வராது. ஆசிரியர் ஒருவர் ஆம்புலன்சில் போய்விட்டால் ஆள் கணக்கு ஆறாகிவிடும். அப்போது எந்த நிகழ்ச்சி நிற்கும் என்பதைத் தாளின் கடைசி வரியில் இப்போதே எழுதிவிடுங்கள்.