தாலி முன்னால், குரவை பின்னால்: லைவ் வீடியோவில் சத்தம் விலகுவது ஏன்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு இப்போது அடிக்கடி ஒரு வேலை வருகிறது. கல்ஃபில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக யாரோ போனில் கல்யாணத்தை லைவ் விட்டிருப்பார்கள். பிறகு அந்த லைவை டவுன்லோடு செய்து கொண்டுவந்து, "இதையும் கல்யாண வீடியோவில் சேர்த்துத் தாங்க" என்பார்கள். ஃபைலை வி.எல்.சி.யில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் இழுத்துப் போட்டால் முதல் கால் மணி நேரம் சரியாக ஓடும். போகப்போகப் படமும் சத்தமும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

பெரும்பாலும் ஃபைல் கெட்டுப்போனதாக நினைத்து மறுபடி டவுன்லோடு செய்கிறார்கள். ஃபைலில் கோளாறு இல்லை. அதன் ஃபிரேம் ரேட் ஒரே சீராக இல்லை என்பதுதான் விஷயம்.

ஸ்டூடியோ கேமராவில் 25 ஃபிரேம் என்று வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடுவே சரியாக 40 மில்லிநொடி இருக்கும். போன் அப்படி இல்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமையும் கூடுதல் நேரம் திறந்துவைக்கிறது, எண்ணிக்கை குறைகிறது. போன் சூடானாலும், லைவில் நெட் திணறினாலும் சில ஃபிரேம்கள் விட்டுப்போகும். ஆனால் ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் விடாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும். இப்படி ஃபிரேம் இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதைத்தான் வேரியபிள் ஃபிரேம் ரேட் என்கிறோம்.

எந்த ஃபிரேமை எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்ற நேரக்குறி ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. பிளேயர் அதைப் பார்த்து ஓட்டுவதால் ஃபிரேம் விட்டுப்போன இடத்தில் முந்தைய படத்தையே கொஞ்சம் நிறுத்திவைக்கும். பல எடிட்டிங் மென்பொருள்கள் அந்தக் குறியைச் சரியாக மதிப்பதில்லை. ஃபைலின் ஹெடரில் 30 என்று கண்டால், இருக்கிற ஃபிரேம்களை நொடிக்கு 30 வீதம் இடைவெளியில்லாமல் அடுக்கிவிடும். ஃபிரேம் குறைந்த அளவுக்குப் படம் குறுகும், ஒலி பழைய நீளத்திலேயே நிற்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லைவ் 70 நிமிடம், அதாவது 4,200 நொடி. முதல் 20 நிமிடம் வெளியே நல்ல வெயிலில், நொடிக்கு 30 ஃபிரேம். அடுத்த 30 நிமிடம் வெளிச்சம் குறைந்த கோயிலுக்குள், சராசரி 28.6. கடைசி 20 நிமிடம் மறுபடி வெளியே, 30. மொத்தம் 1,23,480 ஃபிரேம். இவற்றை 30 வீதம் அடுக்கினால் 4,116 நொடிதான் வரும். படம் 84 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். 40ஆவது நிமிடத்தில் தாலி கட்டினார்கள் என்றால், டைம்லைனில் தாலி கட்டும் காட்சி வந்து 56 நொடி கழித்துத்தான் குரவைச் சத்தம் கேட்கும்.

இங்கேதான் பலரும் ஒரு குறுக்குவழிக்குப் போகிறார்கள். படத்தை 4,200 நொடிக்கு இழுத்து நீட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கடைசி ஃபிரேம் சரியான இடத்துக்கு வரும், உண்மைதான். ஆனால் எந்தக் குறையும் இல்லாமல் இருந்த 20ஆவது நிமிடத்தில் இப்போது படம் 24 நொடிக்கு மேல் பிந்தும். விலகல் முழுக்க நடு 30 நிமிடத்தில் வந்தது. அதை 70 நிமிடத்துக்கும் பங்குபோட்டால் எப்படிச் சரியாகும்?

விலகலின் போக்கைக் கவனித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். தொடக்கத்தில் அரை நொடி, முடிவிலும் அதே அரை நொடி என்றால் இது வேறு பிரச்சினை. ஒலியை ஒருமுறை நகர்த்தினால் போதும். மணிக்கு ஏறக்குறைய 3.6 நொடி வீதம் ஒரே சீராக விலகினால் மென்பொருள் 29.97ஐ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சில இடத்தில் சரியாக ஓடி, சில இடத்தில் மட்டும் விலகல் கூடினால் வேரியபிள் என்று சந்தேகிக்கலாம்.

உறுதிசெய்ய, MediaInfo மென்பொருளில் ஃபைலைத் திறந்து Frame rate mode என்ற வரியைப் பாருங்கள். Variable என்று இருந்தால் விஷயம் முடிந்தது. Constant என்று இருந்தால் மட்டும் உடனே நம்பிவிட வேண்டாம், சில ஃபைல்களில் ஹெடரில் எழுதியிருப்பதையே அது திருப்பிச் சொல்லும். ஃபிரேம்களையே எண்ணிப் பார்க்க, கட்டளை எழுதி ஓட்டும் ffmpeg மென்பொருளில் இந்தக் கட்டளை:

```
ffmpeg -i live.mp4 -vf vfrdet -an -f null -
```

கடைசியில் VFR: என்று ஒரு எண் வரும். அது 0.000000 என்றால் இடைவெளி சீராக இருக்கிறது. அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் சீரில்லை.

தீர்வு, எடிட் தொடங்குவதற்கு முன்பே ஃபைலை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றுவதுதான்:

```
ffmpeg -i live.mp4 -r 30 -fps_mode cfr -c:v libx264 -crf 18 -af aresample=async=1 -ar 48000 -c:a aac -b:a 192k live_cfr.mp4
```

நேரக்குறியைப் பார்த்து, ஃபிரேம் விட்டுப்போன இடத்தில் முந்தைய ஃபிரேமின் நகலை இது வைக்கும். நம் கணக்கில் ஓடி முடியும்போது திரையில் dup= என்ற இடத்தில் 2,520ஐ ஒட்டி ஒரு எண் நிற்கும், அத்தனை ஃபிரேம்தான் காணாமல் இருந்தது. aresample பகுதியை விட்டுவிடாதீர்கள். லைவில் சத்தமும் இடையிடையே அறுந்திருந்தால் அந்த இடைவெளியை அது மௌனத்தால் நிரப்பும். பழைய ffmpeg பதிப்பில் -fps_mode ஏற்கப்படாவிட்டால் அந்த இடத்தில் -vsync cfr என்று எழுதலாம். உங்கள் புராஜெக்ட் 25 ஃபிரேம் என்றால் 30க்குப் பதில் 25 போடலாம். கேமரா திரும்பும் காட்சிகள் லேசாக உதறும், சிங்க் கெடாது.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு HandBrake என்ற மென்பொருள் இருக்கிறது. Video பக்கத்தில் Framerate 30, கீழே Constant Framerate, தரம் RF 18. அதன் Fast 1080p30 ப்ரீசெட்டை அப்படியே ஓட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதில் Peak Framerate தேர்வாகியிருக்கும். அது 30க்கு மேல் போகவிடாது, ஆனால் குறைவதைத் தடுக்காது. ஃபைல் வேரியபிளாகவே வெளியே வரும். அதுபோல -c copy போட்டு எம்.கே.வி.யை எம்.பி.4 ஆக்குவதாலும் பயனில்லை, ஃபிரேம்கள் அதே இடைவெளியோடு வேறு பெட்டிக்குப் போகின்றன, அவ்வளவுதான்.

மாற்றிய ஃபைல் பழையதைவிடப் பெரிதாக இருக்கும், வேலை முடியும்வரை இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். டைம்லைனில் போட்டு தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் பாருங்கள். உதடசைவைவிட தவில் அடி, பேண்டு வாத்தியத்தின் டிரம் அடி போன்ற வெட்டான சத்தங்களில் பிசகு பளிச்சென்று தெரியும்.

ஏற்கெனவே வெட்டி முடித்த புராஜெக்டில் பழைய ஃபைலின் இடத்தில் புதியதை இணைக்கலாம். ஆனால் விலகல் தொடங்கிய இடத்துக்குப் பிறகு படத்தின் ஒவ்வொரு வெட்டும் இடம் மாறியிருக்கும். நம் கணக்கில் 20ஆவது நிமிடத்துக்கு முந்தைய வெட்டுகள் அப்படியே நிற்கும், அதற்குப் பிந்தையவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.