மூன்று நட்சத்திரம், அரை மில்லிமீட்டர்

ஒரு குழுவினர் தங்கள் ஆய்வு அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் கணக்கைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு கைபேசிச் செயலியைச் சோதித்திருந்தார்கள். குலுக்கல் முறையில் 20,000 பேருக்குச் செயலி, 20,000 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மேல் அழுத்தத்தின் சராசரி செயலி இல்லாதவர்களுக்கு 132.6, செயலி வைத்திருந்தவர்களுக்கு 132.0. (கணக்குப் போட வசதியாக எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.) பக்கத்தில் p < 0.001 என்று மூன்று நட்சத்திரம். அதற்கும் பக்கத்தில், "கோஹனின் டி = 5.7, மிகப் பெரிய விளைவு".

நட்சத்திரங்கள் சரிதான். 5.7தான் உறுத்தியது. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த 0.6.

பாதரச மானியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அதாவது இங்கே கிடைத்த வித்தியாசம் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே ஆளுக்கு ஐந்து நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்தாலே இதைவிட அதிகமாக மாறும். எந்த மருத்துவரும் 0.6 குறைந்ததைப் பார்த்து மருந்தை மாற்ற மாட்டார். அப்படிப்பட்ட வித்தியாசத்துக்கு எப்படி மூன்று நட்சத்திரம் கிடைத்தது?

அந்த நட்சத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் p, அதாவது பி-மதிப்பு, பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: உண்மையில் இரு குழுக்களுக்கும் நடுவே வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிவதற்கு வாய்ப்பு எவ்வளவு? 'வித்தியாசம் பூஜ்யம்தானா' என்கிற சந்தேகத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. எவ்வளவு பெரியது என்று அதைக் கேட்கவே முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறது.

எவ்வளவு பெரியது என்பதற்குத்தான் விளைவளவு. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது வழக்கமாகப் போடுவது கோஹனின் டி. சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் போதும். திட்ட விலக்கம் என்பது ஒரு குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதன் அளவு. இவர்களுடைய தரவில் அது இரு குழுவிலும் 15. ஆக டி = 0.6 / 15 = 0.04.

இதை வேறு மாதிரி சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். செயலி வைத்திருந்தவர்களில் ஒருவரையும் இல்லாதவர்களில் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். செயலிக்காரரின் அழுத்தம் குறைவாக இருக்க 51 சதவீத வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டினால் 50. மொத்தக் கணக்கும் இவ்வளவுதான், ஆர் மென்பொருளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
n <- 20000; s <- 15
d <- (132.6 - 132.0) / s
t <- d * sqrt(n / 2)
2 * pt(-t, df = 2*n - 2)   # 0.00006
pnorm(d / sqrt(2))         # 0.511
```

மூன்றாவது வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பி-மதிப்பைத் தீர்மானிக்கிற t என்ற எண், டியை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு பெருக்கி வருவது. டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பூஜ்யமாக மட்டும் இல்லாவிட்டால், ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நட்சத்திரம் வந்தே தீரும். மேலே n-ஐ 200 ஆக்கிப் பாருங்கள். அதே 0.6 வித்தியாசம், அதே 0.04. பி-மதிப்பு மட்டும் 0.69 ஆகிவிடும். செயலி மாறவில்லை, நோயாளிகளும் மாறவில்லை. மாறியது எத்தனை பேரை அளந்தோம் என்பதுதான்.

சரி, 5.7 எங்கிருந்து வந்தது? அட்டவணையில் சராசரிகளின் பக்கத்தில் ± 0.106 என்று போட்டிருந்தது. டியைக் கணக்கிட்டவர் அதைத் திட்ட விலக்கம் என்று நினைத்து 0.6ஐ அதால் வகுத்துவிட்டார். அது திட்டப் பிழை. 15ஐ 20,000இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. திட்டப் பிழை சொல்வது சராசரியை எவ்வளவு துல்லியமாகக் கணித்திருக்கிறோம் என்பதை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதை அல்ல. ஆட்கள் கூடினால் திட்டப் பிழை சுருங்கும், திட்ட விலக்கம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

இந்தத் தவறை நான் பார்ப்பது முதல் முறையும் அல்ல, கடைசி முறையாக இருக்கப்போவதும் இல்லை. கண்டுபிடிக்கக் கணக்கே வேண்டாம். திட்ட விலக்கம் 0.106 என்றால் 20,000 பேரில் பெரும்பாலானவர்களின் இரத்த அழுத்தம் 131.8க்கும் 132.2க்கும் நடுவே அடங்கியிருக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் எங்கேயும் கிடையாது. ± குறியைப் பார்த்தால் அது எதன் ± என்று முதலில் கேளுங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள். நம்பும்படியான திட்ட விலக்கம் வந்தால் அச்சிட்டிருந்தது அநேகமாகத் திட்டப் பிழைதான்.

டியைத் திருத்திக் கொடுத்ததும் குழுவில் ஒருவர், "0.2 என்றால் சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று படித்தோமே, 0.04 அதில் எங்கேயுமே வரவில்லையே" என்றார். அந்த வரையறைகளைக் கொடுத்த ஜேக்கப் கோஹனே, வேறு நல்ல அடிப்படை எதுவும் இல்லாதபோது மட்டும் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எச்சரித்திருந்தார். டி சின்னதாக இருப்பதாலேயே பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1980களில் அமெரிக்காவில் ஏறத்தாழ 22,000 ஆண் மருத்துவர்களை வைத்து நடந்த ஆஸ்பிரின் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு, போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கு. மாத்திரைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பின் வலுவைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண்ணாகச் சொல்லும் தொடர்புக் கெழுவாகப் போட்டால் வெறும் 0.034. ஆனால் ஆயிரம் பேருக்கு எட்டு மாரடைப்பு குறைகிறது, மாத்திரையும் மலிவானது. யாரும் அதை அற்பம் என்று ஒதுக்கவில்லை.

அதனால் எங்கள் பேச்சு 0.04ஐ விட்டு 0.6 மி.மீ.க்கே திரும்பியது. உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று தரவு காட்டும் நம்பிக்கை இடைவெளி 0.3 முதல் 0.9 வரை. பெரிய மாதிரியின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. இந்தச் செயலியால் சராசரியில் 5 மி.மீ. குறையும் என்றோ, ஏன், 2 மி.மீ. குறையும் என்றோகூட இனி யாரும் வாதாட முடியாது. விளைவு இருக்கிறது என்று மூன்று நட்சத்திரம் சொல்வதைப் போலவே, அது சிறியது என்பதையும் அதே 40,000 பேர்தான் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செவிலியர் மாதாமாதம் தொலைபேசியில் பேச வேண்டிய திட்டமாக இருந்தால் 0.6க்காக அதை நடத்துவது வீண். தானாக அனுப்பப்படும் ஒரு குறுஞ்செய்திக்கு 0.6 கட்டுப்படியாகுமா என்பதைச் செலவுக் கணக்கு பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

கடைசியில் அறிக்கையின் வாக்கியம் இப்படி ஆனது: "செயலி வைத்திருந்தவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 0.6 மி.மீ. குறைவாக இருந்தது (95% நம்பிக்கை இடைவெளி 0.3 முதல் 0.9 வரை, திட்ட விலக்கம் 15, டி = 0.04)." 'மிகப் பெரிய' போய்விட்டது. நட்சத்திரங்களை எடுக்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை, அட்டவணையில் அப்படியே இருக்கின்றன.