மாத்திரை முடிந்த பிறகும் படத்தில் தெரியும் வெள்ளை

பினாங்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். "நெஞ்சைத் தட்டில் ஒட்டி நில்லுங்க, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அப்படி ஒரு நாள் ஜெலுத்தோங்கிலிருந்து எழுபத்திரண்டு வயது ஐயா ஒருவரை அவர் மகள் கூட்டி வந்தார். காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. இரண்டு நாளாகக் காலைக் கோப்பியைத் தொடவில்லை, பேரனைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மகள் பயந்தது அதற்குத்தான்.

வயதானவர்களுக்கு நிமோனியா இப்படியும் வரும். உடம்பு கொதிக்காது, பசி போகும், தூங்கி வழிவார்கள், பேச்சு குழம்பும், சில நேரம் திடீரென்று விழுவார்கள். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வழக்கம். 20-ஐத் தாண்டி ஆளும் சோர்ந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முப்பதைத் தொட்டாலோ, உதடு நீலமானாலோ, ஆள் திடீரென்று குழம்பினாலோ நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஐயாவின் படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நுரையீரல் முழுக்கச் சின்னஞ்சிறு காற்றுப்பைகள். காற்றைக் கதிர் எளிதாகக் கடந்துவிடும், அதனால் நல்ல நுரையீரல் படத்தில் கருப்பாகத் தெரியும். கிருமியோடு உடம்பு சண்டை போடும்போது அந்தப் பைகளில் நீரும் சீழும் நிரம்பிக் கதிரை மறிக்கின்றன, அந்த இடம் வெளுக்கிறது. சில படங்களில் அந்த வெள்ளைக்குள்ளே மரக்கிளை மாதிரி கருப்புக் கோடுகள் ஓடும். அவை இன்னும் காற்று இருக்கும் மூச்சுக்குழாய்கள். சுற்றியுள்ள பைகள் நிறைந்துவிட்டதால்தான் அவை எடுப்பாகத் தெரிகின்றன.

ஆனால் படத்தில் வெள்ளை என்றாலே நிமோனியா இல்லை. இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தாலும், காசநோய் இருந்தாலும், கட்டி இருந்தாலும் வெளுக்கும். அதனால்தான் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதையும் இரத்தப் பரிசோதனையையும் படத்தோடு சேர்த்துப் பார்க்கிறார். நோய் தொடங்கிய முதல் நாளில் படம் சுத்தமாக இருப்பதும் உண்டு.

ஐயாவுக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என ஏழு நாளைக்கு 14 ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாளில் தெளிவு வந்தது, கோப்பி குடித்தார். மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது, அதுதான் நல்லாகிவிட்டதே என்று நாலாம் நாள் நிறுத்திவிட்டார். எட்டு மாத்திரை மேசை டிராயருக்குள் போயிற்று. அடுத்த ஐந்து நாளில் மறுபடியும் தூக்கம், குழப்பம். இந்த முறை சக்கர நாற்காலியில் வந்தார். வெள்ளை முன்பைவிட மேலே ஏறியிருந்தது. விலா எலும்பும் நுரையீரலின் அடிப்பக்கமும் சேரும் இடத்தில் கத்தி முனை மாதிரி ஒரு கூரான கருப்பு மூலை இருக்கும், அதுவும் மழுங்கிவிட்டது. நுரையீரலுக்கு வெளியே நீர் சேர்ந்ததன் அடையாளம் அது.

பாதியில் நிறுத்தியதால் மட்டுமே இப்படி ஆயிற்று என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆள் தெளிந்துவிட்டார் என்பதற்காகக் கிருமி முழுக்கப் போய்விட்டது என்று ஆகாது. எண்ணிக்கை குறைந்தவுடனேயே உடம்பு தேறியது போல இருக்கும். இப்போதெல்லாம் டாக்டர்கள் சிலருக்கு ஐந்து நாளே போதும் என்கிறார்கள். நாளைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் கையில் இருக்கட்டும். வயிறு கலங்கினால் கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள். சாப்பாட்டோடு போடச் சொல்லலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். மாறாக, மூன்று நாள் மருந்து போட்டும் தேறவில்லை என்றால் முடியும்வரை காத்திருக்காமல் திரும்பக் காட்டவேண்டும்.

ஐயா வார்டில் சேர்ந்து ஊசி மருந்து எடுத்தார், அப்புறம் டாக்டர் புதிதாகக் கொடுத்த மாத்திரையை வீட்டில் முழுக்கப் போட்டார். ஆறாவது வாரம் மறுபடியும் என்னிடம் வந்தார். நல்ல நிறம், நல்ல பேச்சு. படத்திலோ கீழே இன்னும் லேசான வெள்ளை. மகளின் முகம் வாடிப்போயிற்று: "இன்னும் மருந்து வேணுமா அண்ணே?"

டாக்டர் வேண்டாம் என்றார். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். பைகளில் கிடக்கும் செத்த அணுக்களையும் நீரையும் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கவேண்டும். வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது மெதுவாக நடக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை அசதியும் கொஞ்சம் இருமலும் இருப்பது உண்டு.

அப்படியானால் ஆறாவது வாரப் படம் எதற்கு? நிமோனியாவின் வெள்ளை நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும். குறையாமல் அதே இடத்தில் நின்றால் அதன் அடியில் கட்டியோ காசநோயோ ஒளிந்திருக்கலாம் என்று டாக்டர் சி.டி. ஸ்கேன், சளிப் பரிசோதனை என்று அடுத்த வழியில் தேடுவார். ஐயா முன்பு முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அந்தத் தேதியை விட்டுவிடக் கூடாதவர் அவர்தான்.

பன்னிரண்டாவது வாரம் எடுத்த படத்தோடு சேர்த்து நான்கு படத்தையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து மகளுக்குக் காட்டினேன். கடைசிப் படத்தில் அந்த மூலை மறுபடியும் கூராக, கருப்பாக இருந்தது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.