கருவாட்டு உப்பை இறக்கும் கணக்கு

பாம்பன், மண்டபம் பக்கம் விற்கும் நெத்திலி பெரும்பாலும் உப்பில்லாமலே வெயிலில் காய்ந்தது. மணல் போக அலசினால் போதும். சீலாவின் கதை வேறு. வயிற்றைக் கீறி, உப்பைத் திணித்து, அது சதைக்குள் இறங்கிய பிறகே காயப் போடுகிறார்கள். அந்த உப்பை வெளியே எடுக்காமல் சமைத்தால் வாயில் வைக்க முடியாது.

ஊறவைக்கும்போது சதையில் உள்ள உப்பு, செறிவு குறைந்த தண்ணீரை நோக்கி நகர்கிறது. இரு பக்கமும் செறிவு சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை மணி நேரம் போட்டுவைத்தாலும் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் கருவாட்டில் 15 கிராம் உப்பு இருக்கிறது, ஊறும்போது சதை 50 மில்லி தண்ணீரைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 400 மில்லி தண்ணீர் இருக்க ஒரே தடவையாக முழுதும் ஊறினால், மொத்தம் 450 மில்லியில் 50 மில்லி சதைக்குள் இருப்பதால் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.7 கிராம் உப்பு சதையில் தங்கும். அதே தண்ணீரை 200, 200 என்று பிரித்து இரு தடவை மாற்றினால், முதலில் ஐந்தில் ஒரு பங்காகிய 3 கிராம் மிஞ்சும். அடுத்த தண்ணீரில் அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான், 0.6 கிராம். செலவான தண்ணீர் ஒன்றுதான்! அது கழனித் தண்ணீராக இருந்தாலும் உப்பைப் பொறுத்தவரை வேறுபாடில்லை.

ஆனால் இந்தக் கணக்கு, உப்பு நடுச்சதையிலிருந்து வெளியே வரும் வரை காத்திருந்தால்தான் பலிக்கும். துண்டின் கனம் இரட்டிப்பானால் காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே கனத்த சீலாவை முழுசாக இரவெல்லாம் ஊறப்போடுவதைவிட, விரல் கனத்துக்கு நறுக்கிப் போடுவதே புத்திசாலித்தனம். ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள். ஓரம் இளகி, நடு மட்டும் விறைப்பாக இருந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள்.

பொரிப்பதற்கு முன் துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். மேலே தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து முறுகுவதற்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். மிதமான தீயில், குமிழிகள் அடங்கும் வரை விட்டால் உள்ளேயும் வெந்துவிடும். தீயைக் கூட்டினால் மேலே கருகும், நடு வேகாது.

குழம்பில் ஊறவைத்தலின் தொடர்ச்சியே நடக்கிறது. மிச்ச உப்பு புளித்தண்ணீருக்கும் கத்தரிக்காய்க்கும் போகும். அதனால் தூள் உப்பைக் கருவாடு வெந்த பிறகு, ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

உப்புப் போனால் காவலும் போய்விடும். ஊறிய கருவாடு ஏறக்குறைய பச்சை மீன் மாதிரிதான். இராமநாதபுரத்து வெயிலில் அடுப்படியில் மணிக்கணக்கில் கிடக்கக் கூடாது. நெடுநேரம் ஊற வேண்டுமானால் குளிர்பெட்டிக்குள் வைக்கலாம். சூரை போன்ற மீன்கள் உப்பிடுவதற்கு முன்பே கெட்டிருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்திருக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. கடித்ததும் நாக்கில் சுருக்கென்று குத்தினால், அந்தச் சட்டியைக் கொட்டிவிடுவதே நல்லது.